லோக்கம் மருத்துவரின் பத்து சதவீதம்

திண்டுக்கல்லில் அறை எடுத்துத் தங்கி, பகலில் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டு, இரவில் ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, வேடசந்தூர், நத்தம் என்று சுற்றுவட்டார மருத்துவமனைகளில் டூட்டி பார்க்கும் இளம் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நிரந்தர மருத்துவர் விடுப்பில் போனால் அவர் நாற்காலியில் உட்காருபவர்கள் இவர்கள்தான். இரவுக்கு ஆள் கிடைக்காத நர்சிங் ஹோமுக்குக் கைகொடுப்பவர்களும் இவர்கள்தான். இதை லோக்கம் என்பார்கள். மாதச் சம்பளம் கிடையாது. ஒரு டூட்டிக்கு இவ்வளவு, பெட்ரோலுக்கு இவ்வளவு என்று பேச்சு. அந்தப் பேச்சும் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடிந்துவிடும்.

மாதக் கடைசியில் வங்கிக்கு வருவது பேசிய தொகையாக இருக்காது. கேட்டால், "டிடிஎஸ் போக மீதி சார்" என்பார் கணக்காளர். மருத்துவரும் அத்தோடு விட்டுவிடுவார். பத்து சதவீதம் அரசாங்கத்துக்குப் போய்விட்டது, வரி கட்டியாகிவிட்டது, இனி அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை என்பது அவர் எண்ணம். இந்த எண்ணத்தால் ஆண்டுதோறும் அரை லட்சம், ஒரு லட்சம் என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. பிடித்த பணம் வரி அல்ல, வரிக்கான முன்பணம். லோக்கம் மருத்துவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த முன்பணம் கட்டவேண்டிய வரியைவிட அதிகம். பலருக்குக் கட்டவேண்டிய வரியே கிடையாது.

இந்த ஊருக்கு இது இப்போது முக்கியமான விஷயம். தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டன. திண்டுக்கல் கல்லூரி அவற்றில் ஒன்று, ஆண்டுக்கு 150 இடங்கள். முதல் அணி மாணவர்கள் படிப்பையும் ஓராண்டுப் பயிற்சியையும் முடித்து வெளியே வரும் காலம் நெருங்கிவிட்டது. அரசு வேலையும் மேற்படிப்பு இடமும் எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடாது. இடைப்பட்ட ஓரிரு ஆண்டுகள் டூட்டி பார்ப்பதுதான் பலருக்கும் வழி. அவர்களுக்கு மருந்தளவு சொல்லிக்கொடுத்த கல்லூரி, வருமானக் கணக்கைச் சொல்லிக்கொடுத்திருக்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். தொகைகள் கற்பனை, விதிகள் உண்மை. 2025-26 நிதியாண்டில் திண்டுக்கல்லில் இருக்கும் ஓர் இளம் எம்.பி.பி.எஸ். மருத்துவர் மூன்று இடங்களுக்குப் போகிறார். ஒட்டன்சத்திரத்தில் ஒரு கம்பெனி நடத்தும் மருத்துவமனையில் மாதம் 10 இரவு டூட்டி, ஒன்றுக்கு 2,500 ரூபாய், பெட்ரோலுக்கு 300 ரூபாய். வத்தலக்குண்டில் கூட்டு நிறுவனமாக நடக்கும் ஒரு நர்சிங் ஹோமில் மாதம் 8 பகல் டூட்டி, ஒன்றுக்கு 2,000 ரூபாய், பெட்ரோலுக்கு 250 ரூபாய். இவை தவிர, நத்தத்தில் தனியாகக் கிளினிக் வைத்திருக்கும் ஒரு மூத்த மருத்துவர் வெளியூர் போகும்போது, ஆண்டில் 20 நாள் அந்தக் கிளினிக்கைப் பார்த்துக்கொள்கிறார். அதற்கு நாளுக்கு 1,500 ரூபாய்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து மாதம் 28,000 ரூபாய் வர வேண்டும். ஏப்ரலில் அப்படியே வந்தது. மே மாதம் 22,400 ரூபாய்தான் வந்தது. மருத்துவருக்குக் குழப்பம். பத்து சதவீதம் என்றால் 2,800தானே போக வேண்டும், ஏன் 5,600 போயிற்று? காரணம் இதுதான். வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்படி, தொழில்முறைக் கட்டணமாக ஒருவருக்கு ஒரு நிறுவனம் ஆண்டில் தரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டாதவரை பிடித்தம் வேண்டாம். 2025 மார்ச் வரை இந்த வரம்பு 30,000 ரூபாயாக இருந்தது. தாண்டிவிட்டால், தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல, முதல் ரூபாயிலிருந்து மொத்தத்துக்கும் பிடிக்க வேண்டும். மே மாதத்தில் மொத்தம் 56,000 ஆகிவிட்டது. அதனால் ஏப்ரலில் விட்ட 2,800ஐயும் சேர்த்து மே மாதமே பிடித்துக்கொண்டார்கள். வத்தலக்குண்டுக் கணக்கில் இதே அடி ஜூனில் விழும். மாதம் 18,000 வீதம் மூன்றாவது மாதத்தில் 54,000 ஆகிறது. அன்று பிடித்தம் 5,400, கையில் வருவது 12,600. ஆண்டு முழுவதும் டூட்டி உண்டு என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் முதல் மாதத்திலிருந்தே பிடிக்க வேண்டும் என்பதுதான் சட்டம். லோக்கம் விஷயத்தில் அடுத்த மாதம் யார் வருவார் என்று யாருக்கும் தெரியாததால், வரம்பு தாண்டும் நாள்வரை கணக்காளர்கள் காத்திருக்கிறார்கள்.

நத்தத்துக் கிளினிக் கதை வேறு. மொத்தமே 30,000 ரூபாய், வரம்புக்குள் இருக்கிறது. வரம்பைத் தாண்டியிருந்தாலும் அந்த மூத்த மருத்துவர் பிடிக்க வேண்டியிருந்திருக்காது. பணம் தருபவர் தனிநபராக இருந்து, முந்தைய ஆண்டில் அவருடைய தொழில் வரவு 50 லட்சம் ரூபாயைத் தாண்டாமல் இருந்தால் 194ஜே அவரைக் கட்டுப்படுத்தாது. எனவே அந்த 30,000 எந்த அரசுப் பதிவேட்டிலும் தானாக ஏறாது. ஏறவில்லை என்பதற்காக அது வருமானம் இல்லை என்று ஆகிவிடாது. மருத்துவர்தான் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டு முடிவில் மொத்த வரவு: ஒட்டன்சத்திரம் 3,36,000, வத்தலக்குண்டு 2,16,000, நத்தம் 30,000, ஆகமொத்தம் 5,82,000 ரூபாய். பிடித்தம் 55,200 ரூபாய். ஒரு மாத வரவைவிட அதிகமான பணம் இது. இவருக்கு உண்மையில் எவ்வளவு வரி?

சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு, மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் போன்ற தொழில்முறையினர் ஆண்டு வரவு 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டிவிடலாம் என்கிறது. ரொக்கமாக வாங்கியது மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் இல்லையென்றால் அந்த எல்லை 75 லட்சம். இந்த வழியில் போனால் கணக்குப் புத்தகம், தணிக்கை எதுவும் வேண்டாம். ஐடிஆர்-4 படிவம் போதும். நம் மருத்துவரின் லாபம் 2,91,000 ரூபாய். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. ஆக, வரி பூஜ்யம். பிடித்த 55,200 ரூபாயும் அவருக்குத் திரும்பி வரவேண்டிய பணம்.

இளம் மருத்துவர், குறைந்த வருமானம், அதனால்தான் இப்படி என்று நினைக்கலாம். மேலே ஏறிப் பார்ப்போம். வேறு வருமானம் இல்லாத ஒரு மருத்துவருக்கு ஆண்டு வரவு 24 லட்சம் என்றால் பாதி 12 லட்சம். அதற்கும் புதிய முறையில் தள்ளுபடி போக வரி இல்லை. ஆனால் பிடித்தம் 2,40,000. திண்டுக்கல், பழனி, ஒட்டன்சத்திரம் என்று அறுவை அரங்கம் அறுவை அரங்கமாக ஓடும் ஒரு மயக்க மருந்து நிபுணருக்கு வரவு 40 லட்சம் என்று வைத்தால், 20 லட்சத்துக்கு வரி, கூடுதல் தீர்வையும் சேர்த்து 2,08,000, பிடித்தம் 4,00,000. 75 லட்சம் என்ற உச்சவரம்பில் நின்று போட்டாலும் வரி 7,33,200, பிடித்தம் 7,50,000. பாதி லாபம் என்ற முறையில் போகும் மருத்துவருக்கு, அடியிலிருந்து உச்சிவரை எந்தப் படியிலும், பிடித்தம் வரியைவிட அதிகமாகவே இருக்கிறது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. சொந்தக் கிளினிக், ஊழியர், கருவி எதுவும் இல்லாமல், ஸ்டெதஸ்கோப்போடு போய்வரும் லோக்கம் மருத்துவருக்கு வரவில் பாதி செலவாகுமா? ஆகாது. சட்டம் பாதிக்கு மேலும் காட்டலாம் என்கிறது. பாதிக்குக் கீழே காட்டினால்தான் புத்தகம், தணிக்கை என்று கேட்கிறது. உண்மையில் மிஞ்சியது அதிகமாக இருந்தும் பாதி மட்டும் காட்டுவது சரியா என்பதில் வரி வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வங்கியில் சேமிப்பும் முதலீடும் ஒரு கதை சொல்ல, படிவம் வேறு கதை சொல்லும்படி வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. நம் இளம் மருத்துவர் மொத்த வரவில் 80 சதவீதத்தை லாபமாகக் காட்டினால்கூட 4,65,600தான் வரும். 12 லட்சத்துக்குள் என்பதால் தள்ளுபடிக்குப் பிறகு அப்போதும் வரி பூஜ்யமே. அவருக்கு இந்தச் சந்தேகமே தேவையில்லை.

திரும்பி வரும் பணம் தானாக வராது, கணக்குத் தாக்கல் செய்தால்தான் வரும். "வரியே இல்லையே, எதற்குத் தாக்கல்?" என்று கேட்பவர்களுக்கு இன்னொரு விதியைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஓராண்டில் பிடித்த வரி 25,000 ரூபாயை எட்டிவிட்டால், வருமானம் வரி எல்லைக்குக் கீழே இருந்தாலும், தாக்கல் செய்வது கட்டாயம். நம் மருத்துவருக்குப் பிடித்தம் 55,200. அவர் தாக்கல் செய்யாவிட்டால் பணத்தையும் இழக்கிறார், சட்டத்தையும் மீறுகிறார். மருத்துவர்களிடம் அதிகம் காணும் தவறு, சம்பளக்காரர்களுக்கான ஐடிஆர்-1 படிவத்தில் போட்டுவிடுவது. துறையின் பதிவில் அந்த வரவு 194ஜே என்று நிற்கும். படிவத்தில் சம்பளம் என்று நிற்கும். இரண்டும் ஒத்துப்போகாததால் விளக்கம் கேட்டு அறிவிப்பு வரும்.

இனி அந்தப் பெட்ரோல் காசு. மேலே போட்ட கணக்கில் அது ஆண்டுக்கு 60,000 ரூபாய். அதற்கும் பத்து சதவீதம் பிடித்திருக்கிறார்கள், 6,000 ரூபாய். "பெட்ரோலுக்கு 300 தர்றோம்னு சொன்னாங்க, 270தான் வருது. வண்டி 270க்குத் தகுந்த மாதிரியா ஓடும்?" என்று ஒருவர் கேட்டால் நியாயம்தான். திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரத்துக்குப் போய்வர அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். இருசக்கர வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தந்தால் பெட்ரோலுக்கு மட்டும் 150 ரூபாய்க்குப் பக்கம். மழைக்காலத்திலோ, பெண் மருத்துவர் இரவில் தனியே போகும்போதோ, கார் எடுத்தால் 400ஐத் தாண்டும். பயண நேரத்துக்குக் காசு கிடையாது. 12 மணி நேர டூட்டிக்கு 2,500 என்றால் மணிக்கு 208 ரூபாய். போகவர இரண்டு மணி நேரத்தைச் சேர்த்தால் 179 ரூபாயாக இறங்கிவிடும். காலையில் மாற்று ஆள் தாமதமாக வந்தால் இன்னும் குறையும்.

பயணச் செலவுக்கு வரி பிடிக்கலாமா? மத்திய நேரடி வரிகள் வாரியம் 1995 ஆகஸ்ட் 8 அன்று வெளியிட்ட 715ஆம் எண் சுற்றறிக்கை இதைத் தொடுகிறது. கட்டண பில்லில் இருந்து செலவுத் தொகையைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் பிடிக்கக் கூடாது, மொத்தத்துக்கும் பிடிக்க வேண்டும் என்பது அதன் விடை. கணக்காளர்கள் இதைத்தான் பின்பற்றுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிடிக்காமல் விட்டால் வட்டியும், செலவில் ஒரு பகுதியை ஏற்க மறுப்பதும் மருத்துவமனையின் தலையில்தான் விழும். ஆனால் அந்தச் சுற்றறிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. டாக்டர் வில்மர் ஷ்வாபே இந்தியா என்ற ஹோமியோபதி மருந்து நிறுவனத்தின் வழக்கில், 2005இல் டெல்லி வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கட்டணமும் செலவும் ஒரே பில்லில் சேர்ந்திருந்தால்தான் சுற்றறிக்கை பொருந்தும் என்றது. உண்மையில் ஆன செலவுக்குத் தனி பில் கொடுத்து வாங்கினால் அதில் வருமானம் என்ற கூறே இல்லை, பிடித்தமும் தேவையில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. டூட்டிக்கு 300 என்று மொத்தமாகப் பேசிக்கொண்ட தொகை, ஆன செலவைத் திருப்பித் தருவது ஆகாது. பஸ்ஸில் 60 ரூபாயில் போனாலும் 300, காரில் 450 ஆனாலும் 300 என்றால், அது கட்டணத்தின் ஒரு துண்டு, பெயர்தான் பெட்ரோல். பிடித்தத்தைத் தவிர்க்க வேண்டுமானால் ஆன செலவை ஆனபடி, பெட்ரோல் பங்க் ரசீதோ பயணச் சீட்டோ வைத்து, கட்டண பில்லோடு சேர்க்காமல் தனித் தாளில் கேட்க வேண்டும். இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. மருத்துவமனையே திண்டுக்கல் பஸ் நிலையத்திலிருந்து வாடகைக் கார் வைத்து அழைத்துப் போய், கார்க்காரருக்கு நேரே பணம் கொடுத்துவிட்டால் அந்தத் தொகை மருத்துவர் கணக்கில் ஏறவே ஏறாது. பழனிச் சாலையில் இரவில் தனியே வண்டி ஓட்டும் ஆபத்தும் இல்லை. ஒரே இரவில் இரண்டு மருத்துவமனைகளுக்கு ஆள் போனால், ஒரே காரில் பங்கு போட்டுக்கொள்ளவும் முடியும்.

பிரிட்டனில் சொந்தக் காரில் தொழில் பயணம் போகிறவருக்கு முதல் 10,000 மைல்வரை மைலுக்கு 45 பென்ஸ் என்று அந்நாட்டு வரித்துறை 2011இல் வகுத்த விகிதம் பல ஆண்டுகள் நீடித்தது. ரசீது வேண்டாம், எத்தனை மைல் என்ற குறிப்பு போதும். அங்கே லோக்கம் பார்க்கும் நம் ஊர் மருத்துவர்களுக்கு இது பழக்கமான கணக்கு. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு விகிதத்தை நம் வாரியமும் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டால், 150 ரூபாய் பெட்ரோல் ரசீதுக்காக இரவில் பங்கில் நின்று கேட்கும் நிலை போகும்.

இதையெல்லாம் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை: பெட்ரோல் காசைப் பிரிப்பதில் அளவுக்கு மீறி மெனக்கெட வேண்டாம். பாதி லாப முறையில் போகிறவருக்கு, அந்த 60,000 வரவில் சேர்ந்தாலும் வரிக்கு உட்படுவது 30,000தான். பிடித்த 6,000மும் தாக்கலுக்குப் பிறகு திரும்பிவிடும். பிரிப்பதன் பலன், அந்தப் பணம் ஓர் ஆண்டு முடங்காமல் கையில் இருப்பதுதான். இருபதாயிரம், முப்பதாயிரம் என்று பயணச் செலவு ஓடும் நிபுணருக்கு அது பெரிது. மாதம் 5,000 ஓடுபவருக்கு அவர் பொறுமையைப் பொறுத்தது.

உண்மையான இழப்பு இன்னோர் இடத்தில் நடக்கிறது. பிடித்த பணம் கருவூலத்துக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுவது. சிறு நர்சிங் ஹோம்களில் இது அரிதல்ல. காப்பீட்டுத் திட்டத்திலிருந்து வரவேண்டிய தொகை தாமதமாகும், மருந்துக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். பிடித்து வைத்த வரி அந்த மாதச் சமாளிப்புக்குப் போய்விடும். சில இடங்களில் கெட்ட எண்ணமே இருக்காது. கணக்காளர் மருத்துவரின் பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்திருப்பார், பணம் முன்பின் தெரியாத இன்னொருவர் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். பான் எண்ணே கொடுக்காமல் இருந்தால் பிடித்தம் 20 சதவீதம். அவசர டூட்டிக்குப் போய் மறுநாள் பான் எண் அனுப்ப மறந்தவர்களுக்கு இது நடந்துவிடும்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஒரு மாதம் பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யார் பெயரில் எவ்வளவு என்று அறிக்கை தர வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான அறிக்கைக்கு ஜூலை 31 கெடு. அறிக்கை ஏறிய சில நாட்களில் மருத்துவரின் 26ஏஎஸ் பதிவில் அது தெரியும். வருமான வரித்துறை இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு நுழைந்து யாரும் பார்க்கலாம். ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை, கடைசிக் காலாண்டுக்கு ஜூனில் ஒருமுறை. வாட்ஸ்அப்பில் இருக்கும் டூட்டிப் பட்டியலையும் வங்கி வரவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒருமுறைக்கு ஒரு டீ நேரம் போதும். மேலே சொன்ன மருத்துவர் ஆகஸ்டில் பார்க்கும்போது ஒட்டன்சத்திரத்துக்கு எதிரே 8,400 ரூபாய் இருக்க வேண்டும், வத்தலக்குண்டுக்கு எதிரே 5,400. இல்லையென்றால் அன்றைக்கே கணக்காளருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். மூன்று மாதப் பாக்கியைக் கேட்டு வாங்க முடியும். மூன்று வருடம் கழித்து, மருத்துவமனையே கைமாறிய பிறகு, யாரிடம் கேட்பது?

பிடித்த வரியை மருத்துவமனை கட்டாமல் விட்டால், அதே வரியை மருத்துவரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு சொல்கிறது. 2015இலும் 2016இலும் வாரியம் தன் அதிகாரிகளுக்கு இதை எழுத்தில் நினைவூட்டியது. வரி கட்டவேண்டியவருக்கு இது கவசம். ஆனால் நம் மருத்துவரைப்போல பணம் திரும்பி வரவேண்டியவருக்கு இந்தக் கவசத்தால் பெரிய பயனில்லை. அரசுக்கு வந்து சேராத பணத்தை அரசிடமிருந்து திரும்பப் பெற வழக்கு மன்றம்வரை போக வேண்டியிருக்கும். 55,200 ரூபாய்க்கு யார் போவார்? அதனால்தான் காலாண்டுக்கு ஒருமுறை பார்ப்பது அவசியம் என்கிறேன்.

சில இடங்களில் பணத்தைக் கவரில் போட்டு ரொக்கமாகக் கொடுத்துவிடுகிறார்கள். பிடித்தமும் இல்லை, பதிவும் இல்லை. இளம் மருத்துவருக்கு அது வசதியாகத் தோன்றும். வரியே இல்லாத வருமானத்தை மறைப்பதில் லாபம் என்ன? நாளைக்குக் கிளினிக் வைக்க வங்கியில் கடன் கேட்கும்போது மூன்று ஆண்டுத் தாக்கல் நகல் கேட்பார்கள். கவரில் வாங்கியதற்கு நகல் கிடையாது.

இன்னொரு கேள்வியையும் மருத்துவமனைகள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதம் முழுவதும் ஒரே இடத்தில், குறித்த நேரத்தில், விடுப்புக்கு அனுமதி கேட்டு, மாதத்துக்கு ஒரே தொகை வாங்கும் மருத்துவரையும் லோக்கம் கணக்கில் வைத்து 194ஜேயில் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை, பேறுகால விடுப்பு என்ற பொறுப்புகள் வராது என்பதே காரணம். புனேயின் ரூபி ஹால் கிளினிக்கை நடத்தும் கிராண்ட் மெடிக்கல் ஃபவுண்டேஷன் வழக்கில் 2015இல் பம்பாய் உயர் நீதிமன்றம் பார்த்தது பெயர்ப்பலகையை அல்ல, உறவின் தன்மையை. நேரத்துக்கும் விதிகளுக்கும் கட்டுப்பட்ட முதலாளி-ஊழியர் உறவா, சுதந்திரமாகத் தொழில் செய்பவரா என்பதே கேள்வி. அந்த வழக்கில் ஆலோசக மருத்துவர்கள் ஊழியர்கள் அல்ல என்று முடிவாயிற்று. அதே அளவுகோலை நம் ஊர் நர்சிங் ஹோமின் முழுநேர டூட்டி டாக்டருக்கு வைத்தால் விடை மாறிவிடக்கூடும். சம்பளம் என்று காட்டினால் 5 லட்சம் ரூபாய்க்குப் புதிய முறையில் பிடித்தமே இருக்காது என்பதையும் அந்த மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில கணக்காளர்கள் ஜிஎஸ்டி எண் கேட்கிறார்கள். தேவையில்லை. மருத்துவமனை அமர்த்தும் மருத்துவர், ஊழியராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், தரும் சிகிச்சைச் சேவைக்கு வரிவிலக்கு உண்டு என்று 2018 பிப்ரவரி 12 தேதியிட்ட சுற்றறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது.

புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 194ஜே, 44ஏடிஏ என்று நாக்குக்குப் பழகிய எண்களெல்லாம் மாறிவிட்டன. மருத்துவர் கட்டணத்துக்கான பத்து சதவீதம் மட்டும் மாறவில்லை. லாரி ஒப்பந்தக்காரரும் கட்டட ஒப்பந்தக்காரரும் தனிநபராக இருந்தால் அவர்களுக்குப் பிடித்தம் ஒரு சதவீதம். தொழில்நுட்பச் சேவைக்கு இரண்டு. பாதி லாப முறையில் உச்சவரம்புவரை எந்தப் படியிலும் வரியைவிட அதிகமாகப் பிடிக்கும் ஒரு விகிதத்தை மருத்துவருக்கு வைத்துக்கொண்டிருப்பதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. 2025 மே மாதம் பிடித்த பணம் 2026 இறுதிவாக்கில் திரும்பி வந்தாலும், அதற்கான வட்டி 2026 ஏப்ரலிலிருந்துதான் கணக்கு, மாதம் அரை சதவீதம். இரவில் கண்விழித்து ஈட்டிய பணம் அரசுக்கு ஏறக்குறைய ஓராண்டு வட்டியில்லாக் கடனாகிறது.

வங்கி வட்டிக்கு, வருமானம் குறைந்தவர்கள் சுய அறிவிப்பு எழுதிக் கொடுத்துவிட்டால் பிடிக்க மாட்டார்கள். வாடகை வருமானத்துக்கும் 2016 ஜூன் முதல் அந்த வசதியைக் கொடுத்தார்கள். தொழில்முறைக் கட்டணத்துக்கு மட்டும் அது இல்லை. இப்போது இருக்கும் ஒரே வழி, வரி அதிகாரியிடம் விண்ணப்பித்து, பணம் தரும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எனக் குறைந்த பிடித்தச் சான்று வாங்குவது. மாதாமாதம் இடம் மாறும் லோக்கம் மருத்துவருக்கு அது நடைமுறைக்கு ஒத்துவராது. வாடகை வாங்கும் வீட்டுக்காரருக்கு ஏற்றுக்கொண்ட சுய அறிவிப்பை டூட்டி பார்க்கும் டாக்டருக்கும் ஏற்றுக்கொள்ள சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். இந்திய மருத்துவ சங்கத்தின் திண்டுக்கல், பழனிக் கிளைகள் அடுத்த மத்திய பட்ஜெட்டுக்கு முன் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக நிதி அமைச்சகத்திடம் இந்த ஒரு கோரிக்கையை வைக்க வேண்டும். அதுவரை, டூட்டி பார்க்கும் டாக்டர்கள் இந்த வாரமே 26ஏஎஸ் பதிவைத் திறந்து பார்த்துவிடுங்கள்.